மூன்று வர வேண்டிய இடத்தில்

நாற்பத்து மூன்று வயது ஆளை ஒரு கீபோர்டுக்கு முன்னால் உட்காரவைத்து, பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, "எங்க முன்னாடியே கம்ப்யூட்டர் கோடு எழுதுங்க பார்ப்போம்" என்கிறார்களே, இந்த வழக்கத்தை முதலில் கொண்டுவந்தவன் மட்டும் கையில் சிக்கினால்! நம்ம லீட் இதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அந்த அலுவலகத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். லீட் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். பன்னிரண்டு பேருக்கு டீம் லீடாக இருந்தவர். நாலு மாதத்துக்கு முன்னால் கம்பெனி அந்த டீமையே இழுத்து மூடிவிட்டது. இப்போது அவர் வீட்டுக்குக்கூட லீட் இல்லை.

வேலை தேடுவது ஒன்றும் அவருக்குப் பயமில்லை. பேச்சு ரவுண்டு என்றால் வெளுத்து வாங்குவார். இந்த நேரடிக் கோடிங் ரவுண்டு வந்தால்தான் மனுஷனுக்கு வாய் பூட்டிக்கொள்ளும். மூன்று கம்பெனியில் மூன்று தடவை மண்ணைக் கவ்வியாயிற்று. மூன்று இடத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே பதில்: கடைசி வரை பேசவே இல்லை, எப்படி யோசிக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இது நாலாவது. இதுவும் போனால் கையில் வேறு அழைப்பு கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கேள்வி கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பான். ஹின்ட் வாங்கினால் மார்க் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு எழுதி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாள் சாப்பிடும்போது இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் டெக்னீஷியன். ஒரு நாளைக்கு அறுபது கையைப் பார்க்கிறவள்.

"நரம்பு கிடைக்கலேன்னா நான் என்ன, குத்திக்கிட்டேவா இருப்பேன்?" என்றாள். "ஊசியை வெளிய எடுத்துடுவேன். 'வழக்கமா எந்தக் கையிலங்க எடுப்பாங்க'ன்னு அவங்களையே கேப்பேன். கேட்டா என்ன, எனக்கு வேலை தெரியாதுன்னு எந்திரிச்சா போயிடுவாங்க?"

"உன் வேலை வேற, என் வேலை வேற."

"ஆமாமா, உங்க வேலையில ரத்தமே வராது பாருங்க," என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பதினோரு மணி ரவுண்டுக்கு அவர் பத்தரைக்கே வந்துவிட்டார். தண்ணீர் இரண்டு தம்ளர் குடித்தார். கழிவறைக்கு இரண்டு தடவை போனார். சட்டைக் கையை மடித்தார், இறக்கினார், மறுபடியும் மடித்தார். வரவேற்பறைப் பெண் நிமிர்ந்து பார்த்ததும் கைபேசியில் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கண்ணாடிக் கதவு திறந்தது. வந்த பெண்ணைப் பார்த்ததும் அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எழுந்தார்.

புதுசு!

பேர் அதுவல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் டீமில் வேலைக்குச் சேர்ந்தவள். அவர்தான் அவளை 'புதுசு' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு அப்புறம் நாலு பேர் சேர்ந்த பிறகும் அவள்தான் புதுசு. இப்போது கழுத்தில் இந்தக் கம்பெனி அடையாள அட்டை. முகத்தில் பழைய மிரட்சி ஒரு துளிகூட இல்லை.

"வாங்க சார்," என்றாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அவளை எப்படி மறப்பார்? சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்துக்குத் தினசரி அறிக்கை தயார் செய்கிற வேலை. இரண்டு நாட்டில் கிளைகள். டீம் முழுக்க உட்கார்ந்திருந்த கூட்டத்தில் இவள் கையைத் தூக்கி, "சார், ஒரு நாள் முடியறதுன்னா எந்த ஊர் நேரப்படி?" என்று கேட்டாள். லீட் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இதுகூடவா கேப்பாங்க?" டீமே சிரித்தது. உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு அவருக்கும் பதில் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் சிரிக்கவைத்துத் தப்பித்தார். அவள் அப்புறம் கேட்கவில்லை. தானாக ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு எழுதினாள். ஒரு வாரம் அறிக்கை முழுக்கத் தப்பாகப் போயிற்று. வாடிக்கையாளர் கத்தினார், மேலதிகாரி கத்தினார். லீட் அதே டீமுக்கு முன்னால் அவளை நிறுத்திவைத்து, "சந்தேகம்னா கேட்டிருக்கலாம்ல? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். கேட்டால் ஏன் கேட்டாய், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை! எந்த ஊர் நியாயமோ அது. அவள் ஆறு வாரத்தில் வேலையை விட்டுப் போனாள்.

அறை சின்னது. நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். சுவரில் ஒரு பெரிய திரை, மேஜையில் ஒரு கீபோர்டு, இன்னொரு நாற்காலியில் லேப்டாப்போடு ஒரு தாடிக்காரர். அவர் குறிப்பு எடுக்க மட்டும் வந்திருப்பதாகச் சொன்னாள்.

"சார், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. நாம ஒண்ணா வேலை பார்த்திருக்கோம்னு நான் ஹெச்.ஆர்.கிட்ட எழுதிக் குடுத்திருக்கேன். அதனாலதான் இவரும் தனியா மார்க் போடறார். உங்களுக்கு வேற ஆள் வேணும்னா மாத்திக்கலாம். அடுத்த தேதி கிடைக்க மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம்! எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. ஓடினால் பயந்துவிட்டான் என்று நினைப்பாள். "எனக்கொண்ணும் இல்ல. ஆரம்பிங்க," என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் திரையில் கேள்வியைப் போட்டாள். ஒரு கட்டிடத்தின் வாசலில் அட்டையைத் தேய்த்துத்தான் உள்ளே வரவேண்டும், வெளியே போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் நேரம், அட்டை எண், உள்ளேயா வெளியேயா என்று ஒரு வரி பதிவாகும். பதிவைக் கொடுத்தால், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். கீழே ஒரு உதாரணம்:

9:00, அட்டை 7, வெளியே
9:01, அட்டை 3, உள்ளே
9:02, அட்டை 5, உள்ளே
9:05, அட்டை 3, வெளியே
9:06, அட்டை 9, வெளியே
9:10, அட்டை 2, உள்ளே
வர வேண்டிய விடை: 3

"முக்கால் மணி நேரம் இருக்கு. எழுதறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல. புரிஞ்சுது."

புரியாமல் என்ன? இந்த நாலு மாதத்தில் இதே ஜாடையில் பத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். உள்ளே என்றால் ஒன்று கூட்டு, வெளியே என்றால் ஒன்று கழி, போகிற வழியில் பெரிய எண்ணை ஞாபகம் வைத்துக்கொள். இவ்வளவுதானே! பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அவர் கடகடவென்று எழுதினார். ஏழே நிமிஷம். தாடிக்காரர் நிமிர்ந்து பார்த்ததில் அவருக்கு ஒரு சின்னக் குஷி. எழுதியதை ஓட்டிப் பார்க்கிற பொத்தானை அழுத்தினார்.

விடை 1 வந்தது.

திரையில் சிவப்பாக ஒரு பட்டை. வர வேண்டியது 3, வந்தது 1.

சரி, எங்கேயோ கைப்பிழை. வரி வரியாகப் பார்த்தார். பிழை இல்லை. மறுபடியும் ஓட்டினார், ஏதோ இரண்டாம் தடவை கம்ப்யூட்டர் மனசு மாறிவிடும் என்பதுபோல. மறுபடியும் 1. முதல் வரியே வெளியே போகிற வரி, அதனால் எண்ணிக்கை மைனஸ் ஒன்றுக்குப் போகிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. கட்டிடத்துக்குள் மைனஸ் ஒரு ஆள் எப்படி இருப்பான்? ஆ, அதுதானா! இருப்பதிலேயே கீழே போன எண்ணைப் பூஜ்யமாக வைத்து எல்லாவற்றையும் மேலே தூக்கினார். ஓட்டினார். 2.

ஒன்றும் இல்லை, மூன்றும் இல்லை, இரண்டு!

கீபோர்டு வெள்ளையாகப் பளபளத்தது. அதில் தன் விரல் அழுக்கு பட்டிருப்பது தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் வியர்வை ஒரு கோடாக இறங்கிற்று. தாடிக்காரர் எதையோ தட்டினார். ஒவ்வொரு தட்டும் 'பேசவில்லை, பேசவில்லை' என்று எழுதுவதாகவே லீடுக்குப் பட்டது. காலை ஆட்ட ஆரம்பித்தார். மேஜையும் சேர்ந்து ஆடியது.

அப்போது அவர் செய்தாரே ஒரு காரியம், அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருஷ அனுபவம் உள்ள மனுஷன், கடைசி வரிக்குப் போய் '+ 1' என்று தட்டினார். ஓட்டினார். 3 வந்தது. பட்டை பச்சையாயிற்று.

பச்சையைப் பார்த்ததும் ஒரு மூச்சு விட்டார். விட்ட மூச்சு வெளியே வருவதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏன் சார் ஒண்ணு கூட்டினீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நக்கலாகவும் கேட்கவில்லை. சும்மா கேட்டாள். "அது... எப்பவாவது வர்ற ஒரு விளிம்பு நிலை..." என்று இழுத்தார். விளிம்பாவது நிலையாவது!

அவள் திரையைக் காட்டி, "உங்க கோடுல அட்டை எண் எங்கயுமே வரலையே சார்," என்றாள்.

அவ்வளவுதான். சுருக்கென்று ஏறிற்று அவருக்கு. இத்தனை நாள் காத்திருந்து பழி வாங்குகிறாள்! இன்னொருத்தன் முன்னால் வைத்து, 'இதைக்கூடப் பார்க்கவில்லையா' என்று கேட்கிறாள்! கை நாற்காலியின் பிடிக்குப் போயிற்று. எழுந்து, 'நன்றி, நான் கிளம்பறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. போய் வீட்டில் என்ன சொல்வது? கேள்வியே தப்பு என்று சொல்லலாம். ஆள் வேண்டுமென்றே கவிழ்த்தாள் என்று சொல்லலாம். மகள் நம்புவாள். மனைவி நம்ப மாட்டாள், ஆனாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பிடியை அழுத்தியபடியே அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கெக்கலிப்பைத் தேடினார். அந்த ஏளனம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும், வருஷக்கணக்காக அவரே பூசிக்கொண்டு திரிந்ததுதானே. அங்கே அது இல்லை. அவள் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது.

குத்திக்கொண்டே இருக்காதே, ஊசியை வெளியே எடு. யார் சொன்னது? மனைவிதான், ரத்தம் எடுக்கிறவள். சனியன், சாப்பிடும்போது சொன்னது இந்த நேரத்தில்தானா வரவேண்டும்! ஆனாலும் அவர் கையை நாற்காலியிலிருந்து எடுத்தார். கீபோர்டை ஒரு சாண் தள்ளி வைத்தார். பிறகு மறுபடியும் இழுத்து, அந்த '+ 1'ஐ அழித்தார். பட்டை சிவப்பாயிற்று.

"ஒண்ணு கூட்டினா மூணு வருது. ஏன் வருதுன்னு எனக்குத் தெரியல," என்றார். "அதனால அது தப்பு. வேற பதிவு குடுத்தா மாட்டிக்கும். நான் இங்க சிக்கிக்கிட்டிருக்கேன். ஒரு நிமிஷம் குடுங்க, நான் என்ன புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடறேன்."

"சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, தான் கேள்வியையே பாதிதான் படித்திருக்கிறோம் என்று. "கட்டிடம் காலியா இருந்து ஆரம்பிக்குதுன்னு நான் வச்சுக்கிட்டேன். நீங்க அப்படிச் சொல்லவே இல்ல. ஒன்பது மணிக்கு உள்ள ஆள் இருந்திருக்கலாமா?"

"பதிவுதான் சார் ஒன்பது மணிக்கு ஆரம்பிக்குது. ஆளுங்க எப்ப வேணும்னாலும் வந்திருக்கலாம்."

"அப்போ ஏழாம் நம்பர் ஏற்கெனவே உள்ள இருந்தவர். அதை நான் ஒண்ணுன்னு தூக்கி வச்சேன். அதுலதான் ரெண்டு வந்துது. இன்னொருத்தர் எங்க போனார்?" கண் திரையின் நடுப்பத்திக்குப் போயிற்று. அவள் காட்டிய பத்தி, அட்டை எண். இது ஏளனம் இல்லை, கையைப் பிடித்து இடத்தைக் காட்டியிருக்கிறாள். இவர்தான் கையை உதறிக்கொண்டிருந்திருக்கிறார். "ஒன்பதாம் நம்பர் வெளியே போறார். எப்ப உள்ள வந்தார்? வரவே இல்லையே! அவரும் முன்னாடியே உள்ள இருந்தவர்தான். ஐஞ்சாம் நம்பர் உள்ள வந்ததை, ஒன்பதாம் நம்பர் வெளிய போனது முழுங்கிடுச்சு. எனக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரிஞ்சுது, யாருன்னு தெரியல. அதான்... ஆமா, அதேதான்!"

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். தாடிக்காரர் சிரித்தார். லீடுக்கு அதில் கோபம் வரவில்லை, அதுவே அவருக்கு ஆச்சரியம்.

இப்போது அவருக்கு எழுதக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டார். சூடு கண்ட பூனை. "இன்னும் கேக்கணும். பதிவுல ஒரு தடவைகூட வராம, நாள் பூரா உள்ளயே இருக்கறவங்க?"

"அவங்க நமக்குத் தெரிய வாய்ப்பில்ல. விட்டுடலாம்."

"ஒரே அட்டை தொடர்ந்து ரெண்டு தடவை 'உள்ளே'ன்னு வந்தா? கதவு திறந்திருக்கும்போது தேய்க்காம வெளிய போயிருக்கலாம்ல?"

அவள் தலையசைத்தாள். "நிஜத்துல நடக்கும். இந்தக் கணக்குக்கு அப்படி வராதுன்னு வச்சுக்கங்க."

"ஒரே நிமிஷத்துல ஒருத்தர் வந்து ஒருத்தர் போனா?"

"வரிசை எப்படி இருக்கோ அப்படித்தான் நடந்துது."

கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. ஒருவரும் தலையில் கையை வைத்துக்கொள்ளவில்லை. அவர் பேசிக்கொண்டே எழுதினார். முதல் சுற்றில் எந்த அட்டையெல்லாம் கண்ணில் பட்டது என்று ஒரு பட்டியல். ஒரு அட்டை முதன்முதலாகக் கண்ணில் படும்போதே 'வெளியே' என்று இருந்தால், அந்த ஆள் முன்பே உள்ளே இருந்தவர், அவரை ஆரம்ப எண்ணிக்கையில் சேர். இரண்டாவது சுற்றில், அந்த எண்ணிக்கையிலிருந்து தொடங்கிக் கூட்டிக் கழி. ஓட்டுவதற்கு முன்னால் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் பார்த்தார்: ஆரம்பத்தில் இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. பெரியது மூன்று. ஓட்டினார். பச்சை. இந்தத் தடவை பச்சை ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியும்.

"வெளியே போற வரி மட்டுமே இருக்கற பதிவு குடுத்தா என்ன வரும் சார்?" என்று அவள் கேட்டாள்.

முன்பென்றால், 'வரும், சரியாத்தான் வரும்' என்றிருப்பார். இப்போது அந்தக் கேள்வி காரணமில்லாமல் வந்திருக்காது என்று பட்டது. "போட்டுப் பார்க்கறேன். ஏழு வெளியே, ஒன்பது வெளியே. ஆரம்பத்துல ரெண்டு பேர். முதல் வரியில ஒண்ணு, அடுத்ததுல பூஜ்யம். நான் பெரிய எண்ணைப் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சு, வரிக்கு அப்புறம்தான் பார்க்கறேன். அப்போ ஒண்ணுன்னு சொல்லும். சரியான விடை ரெண்டு." தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, பெரிய எண்ணும் ஆரம்ப எண்ணிக்கையிலிருந்தே தொடங்கும்படி மாற்றினார். "நீங்க கேக்கலேன்னா இது அப்படியே போயிருக்கும்."

அடுத்ததாகப் பல வாசல்கள் இருந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டபோது மூன்று நிமிஷம்தான் பாக்கி. வாசலுக்கு வாசல் கடிகாரம் ஒத்துப்போகுமா என்று கேட்டார். போகாது என்றாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முடிக்க முடியாததை முடிக்கவில்லை என்று சொன்னார்.

தாடிக்காரர் கைகொடுத்துவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லீட் பையைத் தோளில் மாட்டினார், கழற்றினார், மாட்டினார். வாசலுக்கு வழிகாட்ட அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு அந்த டீம் மீட்டிங்ல..." என்று ஆரம்பித்தார். "நான் உன்னை... உங்களை..."

அவள் கையை உயர்த்தினாள். முகம் சிவந்துவிட்டது. "இப்ப வேண்டாம் சார். நான் இன்னும் மார்க் போடல. இப்ப நீங்க அதைச் சொன்னீங்கன்னா, அது எதுக்குச் சொன்னதுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமப் போயிடும்."

அவருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நியாயமான அடி. படி இறங்கினார்.

அதற்கப்புறம் நாலு நாள் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. கைபேசியைக் குளிக்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போனார். காப்பீட்டுக்காரன் கூப்பிட்டபோது அவனிடம் எழுந்து நின்று பேசினார். அந்த '+ 1' ஞாபகம் வந்தால் திடீரென்று "ச்சே!" என்பார். சோற்றில் கல்லா என்று மனைவி கேட்பாள். மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து, அவள் "இது எப்படிப்பா வந்துது?" என்று கேட்டபோது, வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "எதுவரைக்கும் புரிஞ்சுது, அங்கேர்ந்து சொல்லு," என்றார். மகள் அம்மாவைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு ஜுரமா என்று பார்க்கச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் பத்து மணிக்குக் கைபேசி அடித்தது. மனைவி வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஹெச்.ஆர். பெண். "சார், உங்க முடிவு வந்திருக்கு, அதைச் சொல்லத்தான்..."

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றார் லீட். "அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். மார்க் எல்லாம் போட்டு முடிச்சாச்சா?"

"முடிச்சதாலதானே சார் கூப்பிடறேன்."

"இனிமே யாரும் மாத்த முடியாதுல்ல?"

"முடியாது சார். ஏன்?"

"அப்போ முடிவை அப்புறம் சொல்லுங்க. முதல்ல எனக்குக் கோடிங் ரவுண்டு எடுத்தாங்களே, அவங்க பக்கத்துல இருந்தா லைனைக் குடுங்க."

மனைவி ஒரு செருப்போடு ஓடிவந்து, "என்னங்க பண்றீங்க, முதல்ல என்னன்னு கேளுங்க!" என்று முழங்கையைக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். அவர் கையை இழுத்துக்கொண்டாரே தவிர, ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ பேச்சு, நாற்காலி நகரும் சத்தம், அப்புறம் ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"சொல்லுங்க சார்." புதுசின் குரல்.

"மார்க் போட்டாச்சுன்னு சொன்னாங்க. அதான் கூப்பிட்டேன்." மூச்சு வாங்கிற்று அவருக்கு. "நீங்க அன்னிக்கு நேரத்தைப் பத்திக் கேட்டது சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியல. தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்களை வச்சு எல்லாரையும் சிரிக்க வச்சேன். அப்புறம் அறிக்கை தப்பாப் போனப்ப பழியையும் உங்க தலையில கட்டினேன். தப்பு உங்களுது இல்ல. என்னுது. இதை அன்னிக்கே அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கணும்."

லைனை வெட்டிவிட்டாளோ என்று திரையைப் பார்த்தார். வெட்டவில்லை.

"அங்கேர்ந்து போனப்புறம் ரெண்டு வருஷம் நான் எந்த மீட்டிங்லயும் வாயே திறக்கல சார்," என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "எனக்குத் தெரியாதது ஏதாவது வந்தா தலையைக் குனிஞ்சுக்குவேன். அது போக ரொம்ப நாள் ஆச்சு. பரவாயில்லைன்னு நான் சொல்ல வரல."

"சொல்ல வேண்டாம்," என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. மனைவி கிள்ளுவதை நிறுத்திவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், முடிவு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னும் கேக்கல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

"லீட் வேலை இல்ல சார். பொறியாளர் வேலைதான். என் டீம்ல," என்றாள். "நானும் அவரும் தனித்தனியாப் போட்ட மார்க் ஒண்ணாத்தான் இருந்துது. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துடுங்க."